வேலையை விட்டுப் போனவர் உங்கள் பேஜை விட்டுப் போனாரா? குமுளி, கம்பம் கடைக்காரர்கள் கவனத்துக்கு

குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் சின்னக் கடை எங்களுடையது. தேக்கடிக்கு வந்து வாங்கிப் போனவர்கள் ஊருக்குப் போய் எங்கள் ஃபேஸ்புக் பேஜில் மெசேஜ் போட்டு மறுபடி கேட்பார்கள். மழைக்காலத்தில் கடை ஓடுவதே அந்த ஆர்டர்களில்தான். அந்த பேஜைப் பார்த்துக்கொண்ட பையன், வேலையை விட்டுப் போன பிறகும் எங்கள் கடைப் பெயரிலேயே வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கியிருக்கிறான். இது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒரு அம்மா போன் செய்தார். "ஒரு கிலோ எட்டு மில்லிமீட்டர் சைஸ் ஏலக்காய்க்குப் பணம் போட்டேன் தம்பி, பார்சலும் வரல, மெசேஜுக்குப் பதிலும் வரல" என்றார். எங்களுக்கு அப்படி ஒரு பணமே வரவில்லை. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னோம். எங்கள் பேஜ்தான், எங்கள் லோகோதான். "கடை நம்பர் மாறிவிட்டது, இந்த நம்பருக்குப் பணம் அனுப்புங்கள்" என்று எங்கள் பெயரில் பதில் போயிருந்தது. அந்த நம்பர் யாருடையது என்றே எங்களுக்குத் தெரியாது. எங்கள் இன்பாக்ஸில் தேடினால் அந்த உரையாடலைக் காணோம். பேஜைக் கையாள ஃபேஸ்புக் தரும் மெட்டா பிசினஸ் சூட்டில் Done என்று ஒரு பகுதி இருக்கிறது, பதில் சொல்லி முடித்த மெசேஜ்களை ஒதுக்கி வைக்கும் இடம். அதைத் திறந்தபோதுதான் அந்த அம்மாவுடையதும் இன்னும் சிலருடையதும் அங்கே கிடந்தன. போஸ்டுக்குக் கீழே "பொருள் வரல" என்று ஒருவர் எழுதிய கமெண்ட்டும் அழிக்கப்பட்டிருந்தது.

அவன் போகும்போது, "நான் பேஜிலிருந்து வெளியே வந்துட்டேண்ணே, நீங்களே பாருங்க" என்று போனில் காட்டிவிட்டுத்தான் போனான். பேஜைக் கையாளுபவர்களின் வரிசையில் அவன் பெயர் நிஜமாகவே இல்லை. ஆனால் அவன் காட்டியது மேல் வரிசையை மட்டும்.

இந்த இடத்தில்தான் அட்மின், எடிட்டர், மாடரேட்டர் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பழைய முறையில் அட்மின் என்றால் எல்லாமே செய்யலாம்: ஆட்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், பேஜையே அழிக்கலாம். பேஜைத் தொடங்கியவர் என்று தனி மரியாதை எதுவும் கிடையாது. பிறகு சேர்த்த அட்மினும் தொடங்கியவரை வெளியே தள்ள முடியும். எடிட்டர் போஸ்ட் போடலாம், பேஜ் விவரங்களைத் திருத்தலாம், மெசேஜுக்குப் பதில் சொல்லலாம். ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. மாடரேட்டரால் பேஜ் பெயரில் போஸ்ட் போட முடியாது. ஆனால் மெசேஜ்களைப் படிப்பது, பேஜ் பெயரிலேயே பதில் எழுதுவது, கமெண்ட்டை அழிப்பது, ஆட்களைத் தடை செய்வது எல்லாம் அவரால் முடியும். மாடரேட்டர்தானே, சின்ன வேலைதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்டர் மெசேஜில் வரும் கடைக்கு அதுதான் கல்லாப்பெட்டி.

2021 முதல் ஃபேஸ்புக் புதிய பேஜ் முறையைக் கொண்டுவந்தது. அதில் இந்தப் பெயர்கள் இல்லை. Facebook access என்று ஒன்று, Task access என்று இன்னொன்று. Facebook access கொடுக்கும்போது full control சுவிட்சைப் போட்டால் பழைய அட்மின் போல. போடாவிட்டால் கிட்டத்தட்ட எடிட்டர். Task accessல் போஸ்ட், மெசேஜ், கமெண்ட், விளம்பரம் என்று வேலை வேலையாகப் பிரித்துக் கொடுக்கலாம். போஸ்டை விட்டுவிட்டு மெசேஜும் கமெண்ட்டும் கொடுத்தால் ஏறக்குறைய பழைய மாடரேட்டர்தான்.

எங்களிடம் அந்தப் பையன், "full control இல்லாம போஸ்ட் போட வராதுண்ணே" என்று சொல்லித்தான் அதை வாங்கினான். அது சுத்தப் பொய். அந்தச் சுவிட்ச் இல்லாமலேயே போஸ்ட் போடலாம், பதில் சொல்லலாம், விளம்பரமும் கொடுக்கலாம். யாராவது உங்களிடம் அப்படிக் கேட்டால், எதற்காக என்று கேளுங்கள். அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டுதான் நாங்கள் கேள்விப்படாத ஒரு பெயரில் உள்ள கணக்குக்கு Task access கொடுத்து, மெசேஜையும் கமெண்ட்டையும் அதன் கையில் விட்டிருந்தான். அதன் பிறகு தன் பெயரைத் தானே நீக்கிக்கொண்டான். Task access உள்ளவர்கள் மேல் வரிசையில் வர மாட்டார்கள், கீழே தனிப் பகுதியில் இருப்பார்கள்.

இப்போது பார்க்க வேண்டிய இடம். ஃபேஸ்புக்கில் உங்கள் படத்தைத் தொட்டு முதலில் பேஜுக்கு மாறுங்கள். மறுபடி படத்தைத் தொட்டு Settings & privacy, Settings, Page setup, அப்புறம் Page access. போனில் சிலருக்கு Professional dashboardக்குள்ளும் இதே Page access இருக்கும். மேல் பகுதியைப் பார்த்ததும் நிறுத்தாமல் கடைசிவரை கீழே இறங்குங்கள். மூன்று விஷயம் பாருங்கள்: Task accessல் யார் யார், அழைப்பு அனுப்பி இன்னும் ஏற்காமல் காத்திருப்பவர் யாராவது உண்டா, உங்களுக்குத் தெரியாத பிசினஸ் கணக்கு ஏதாவது இணைந்திருக்கிறதா.

தெரியாத பெயர் இருந்தால் உடனே அழிக்காதீர்கள். முதலில் அந்தப் பெயரையும் அதற்குள்ள அனுமதிகளையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். நீக்கிவிட்டால் வரிசையில் இருந்து போய்விடும், போலீஸில் காட்டுவது கஷ்டமாகிவிடும். அப்புறம் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Remove access கொடுங்கள். உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். அவர் சம்மதம் தேவையில்லை. இதைச் செய்ய உங்களுக்கு full control இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கணக்குத் தீர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஏனென்றால் full control கையில் இருக்கும்வரை அவரும் உங்களை நீக்க முடியும். வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் full control கொடுத்து வையுங்கள். உங்கள் கணக்கு முடங்கினால் அவர் வழியாகப் பேஜைக் காப்பாற்றலாம்.

பெயரை நீக்கியதோடு வேலை முடியவில்லை. எங்கள் பேஜில் தானாகப் போகும் வரவேற்பு மெசேஜிலும் அந்த நம்பரே உட்கார்ந்திருந்தது. எங்கள் கையாலேயே ஒவ்வொரு புது ஆளுக்கும் அவன் நம்பரைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிசினஸ் சூட் இன்பாக்ஸில் தானியங்கிப் பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். பேஜின் போன் நம்பர், வாட்ஸ்அப் பட்டன், நேரம் குறித்து வைத்த போஸ்டுகளையும் பாருங்கள். கடை வாட்ஸ்அப்பில் Linked devices திறந்து தெரியாத கருவியை வெளியேற்றுங்கள். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பேஜிலிருந்து நீக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளம்பரக் கணக்கும் தனி. அதில் உங்கள் கார்டு இருந்தால் அங்கேயும் அவர் பெயரை நீக்க வேண்டும்.

பணம் போனவர்கள் 1930க்கு உடனே அழைக்க வேண்டும், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம். பணம் அனுப்பிய விவரம் அவர்களிடம்தான் இருக்கும் என்பதால் எங்களுடன் பேசிய எல்லோரையும் அப்படியே செய்யச் சொன்னோம். நாங்கள் தனியாக ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அந்தப் பையன் எங்களுக்கு மட்டும் வேலை பார்க்கவில்லை. தேக்கடி ரோட்டில் சில மசாலாக் கடைகளுக்கும், ஜீப் சவாரி நடத்தும் ஓரிருவருக்கும் பேஜ் பார்த்தான் என்று அவனே சொல்லியிருக்கிறான். பெயரை இங்கே போட மாட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்தால், கடை சாத்துவதற்கு முன் Page access திறந்து கீழ்ப்பகுதிவரை பார்த்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் ஸ்க்ரீன்ஷாட்டோடு கடைக்கு வாருங்கள், எங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.