திருத்திய பேப்பரைப் படமெடுத்துக் கூட்டிப் பார்ப்பது: நாலு வருட அனுபவம்

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு என்று எந்தப் பேப்பர் கையில் வந்தாலும் எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்து, மதிப்பெண்களை நானே கூட்டிப் பார்த்துவிடுகிறேன். நாலு வருடமாக இதே பழக்கம். எங்கே பிழை வருகிறது, எப்படித் தேடினால் கிடைக்கிறது என்று ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

எதை வைத்துக் கூட்டுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் நாலு பகுதி. முதலாவது 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரண்டாவது, பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், 20. மூன்றாவது, பத்து ஐந்து மதிப்பெண் வினாக்கள், 50. கடைசியில் வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டாக 16. மொத்தம் 100. ஆசிரியர் இந்த நாலு கூட்டலையும் முதல் பக்கத்தில் எழுதி மொத்தம் போடுகிறார். ஆனால் அந்த நாலையும் அவர் எடுப்பது பக்கத்துக்குப் பக்கம் அடியில் போட்ட கூட்டல்களிலிருந்து. தவறு பெரும்பாலும் இந்தக் கைமாற்றத்தில்தான் நடக்கிறது. முதல் பக்கத்து நாலு எண்களை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு "சரியாத்தான் மிஸ் இருக்கு" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த நாலும் சரியாகத்தான் கூடும். உள்ளே இருப்பது வேறு.

படமெடுப்பதில் நான் முதல் வருடம் செய்த தவறு, ஸ்கேன் ஆப்பில் கறுப்பு வெள்ளை வடிகட்டியைப் போட்டது. எழுத்து பளிச்சென்று தெரிந்தது, ஆனால் சிவப்பு மையும் நீல மையும் ஒரே நிறமாகிவிட்டன. ஓரத்தில் ஆசிரியர் போட்ட 2 எது, பிள்ளை எழுதிய வினா எண் 2 எது என்று பிரிக்க முடியவில்லை. மெல்லிய அரை மதிப்பெண் கோடுகள் சில இடத்தில் காணாமலே போயின. இப்போது சாதாரண கலர் படம் மட்டும்தான், பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் தரையில் வைத்து. நூல் கட்டிய இடது மேல் மூலையை விரலால் நன்றாக விரித்துப் பிடித்து, அந்த மூலையைத் தனியாக இன்னொரு படம் எடுப்பேன். இதற்குக் காரணம் ஒரு பேப்பர்.

போன அரையாண்டில் வந்தது அது. முகப்பில் 12, 17, 34, 8 என்று இருந்தது, மொத்தம் 71. கூட்டல் சரி. நான் பக்க எண், வினா எண், பகுதி, மதிப்பெண் என்று நாலு பத்தியில் விரிதாளில் ஏற்றினேன். பகுதிவாரியாகவும் பக்கவாரியாகவும் கூட்ட இரண்டே வரி போதும்:

```
=SUMIF(C:C,3,D:D)
=SUMIF(A:A,11,D:D)
```

முதல் வரி மூன்றாம் பகுதியின் கூட்டல். இரண்டாவது வரி பதினொன்றாம் பக்கத்தின் கூட்டல். மூன்றாம் பகுதியில் வினாவாரியாக எனக்கு வந்தது 5, 3, 5, 4, 5, 2, 4, 5, 3, 3. கூட்டினால் 39. முகப்பில் 34. வித்தியாசம் ஐந்து.

வித்தியாசம் ஒரு வினாவின் மதிப்பெண்ணுக்குச் சமமாக வந்தால், அந்த மதிப்பெண் எங்கோ விடுபட்டிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுவேன். ஆனால் இந்தப் பேப்பரில் நாலு ஐந்துகள் இருந்தன. அங்கேதான் பக்கக் கூட்டல் கைகொடுத்தது. ஆசிரியர் பக்க அடியில் எழுதியிருந்தவை ஏழாம் பக்கத்தில் 8, எட்டில் 9, ஒன்பதில் 7, பத்தில் 4, பன்னிரண்டில் 6. இவை கூடினால் சரியாக 34. பதினொன்றாம் பக்கத்தின் அடியில் எண்ணே இல்லை. பத்தாம் பக்கத்தில் தொடங்கிய விடை அந்தப் பக்கத்தில் ஐந்தாறு வரியில் முடிந்திருந்தது. அதற்கான 5, நூல் முடிச்சுக்குப் பக்கத்தில், தாள் மடிந்த இடத்தில் இருந்தது. திருத்தியவருக்கு அது தெரிந்திருக்கும், கூட்டும்போது தாள் மடங்கிக் கிடந்திருக்கும். 71 என்பது 76 ஆனது.

விரிதாளில் ஏற்றும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அரை மதிப்பெண்ணை 0.5 என்றுதான் தட்ட வேண்டும். 1/2 என்று தட்டினால் விரிதாள் அதைத் தேதியாக எடுத்துக்கொள்கிறது. கூட்டல் திடீரென்று நாற்பதாயிரத்துக்கு மேல் போய் நிற்கும், அதனால் உடனே தெரிந்துவிடும் என்பது ஒரு நிம்மதி.

இரண்டாவது இதைவிட முக்கியம். முகப்பு மதிப்பெண்ணைப் பார்க்காமல் ஏற்ற வேண்டும். மங்கலான ஒரு எண் 1-ஆ 7-ஆ, 3-ஆ 5-ஆ என்று சந்தேகம் வரும்போது, ஆசிரியரின் மொத்தம் மனதில் இருந்தால் கை தானாக அதற்கு ஒத்துப்போகிற எண்ணைத் தட்டிவிடும். அப்புறம் பிழை இருந்தாலும் தெரியாது. நான் முகப்பைக் கடைசியாகப் படமெடுக்கிறேன். ஒரு பிள்ளை படத்தைப் பார்த்து எண்ணைப் படிக்க, நான் தட்டுகிறேன். அடித்துத் திருத்திய எண் என்றால் படத்தை விட்டுவிட்டுத் தாளையே பார்ப்பேன்.

வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். 64-ஐ 46 என்று எழுதினால் வித்தியாசம் 18. கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் செய்கிற சோதனைதான் இது. மொத்தத்தை மதிப்பெண் பட்டியலில் எடுத்தெழுதும்போது இந்தத் தவறு நடக்கிறது. பேப்பரில் சரியாக இருந்து பட்டியலில் மாறியிருந்தால், பேப்பரைக் கூட்டி மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கூடுதலாக வினா எழுதிய பிள்ளையின் பேப்பரில் என் கூட்டல் அதிகமாக வரும். பத்துக்குப் பதில் பன்னிரண்டு எழுதியிருப்பாள், ஆசிரியர் இரண்டை விட்டிருப்பார். அது பிழை ஆகாது. மதிப்பெண் வட்டமிட்டு அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். அதேபோல் டிக்கும் இல்லாமல் மதிப்பெண்ணும் இல்லாமல் விடப்பட்ட விடை கூட்டல் பிழை இல்லை. திருத்தாமல் விட்டது. இரண்டையும் கலந்து கேட்டால் ஆசிரியருக்கு எரிச்சல் வரும், நியாயமாகவே.

பள்ளியில் கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டோம். போனை எடுத்துப் போகச் சொல்வதில்லை. தாளையே கொண்டுபோய், பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, "சார், பதினொன்னாம் பக்கம் மேலே ஒரு அஞ்சு இருக்கு, கொஞ்சம் பாருங்க சார்" என்று பிள்ளையே கேட்கும். 76 ஆன அன்று அந்த ஆசிரியர் அங்கேயே திருத்திக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

ஒருமுறை நேர்மாறாகவும் வந்தது. வரைபடத்தாளில் இருந்த மூன்று மதிப்பெண் நாலாம் பகுதியிலும் சேர்ந்து, கடைசிப் பக்கக் கூட்டல் வழியாக மூன்றாம் பகுதியிலும் சேர்ந்திருந்தது. பையன் முகம் வாடிவிட்டது. "சொல்லணுமா மிஸ்?" என்றான். குறைந்ததைக் கேட்க வாய் இருக்கிறது என்றால் கூடியதையும் சொல்லத்தான் வேண்டும் என்றேன். மறுநாள் அவனே போய்ச் சொன்னான், மூன்று குறைந்தது. அதற்குப் பிறகு அந்த ஆசிரியர் எங்கள் பிள்ளைகள் சீட்டு வைத்துக் கொண்டுவந்தால் பேனாவைத் திறந்துகொண்டே வாங்குகிறாராம்.