வார்டுக்குப் பேர்: கொடையாளரா, நதியா, மரமா?

காங்கேயம் பக்கம் எங்கள் அறக்கட்டளை கட்டும் ஆஸ்பத்திரியில் 4 பகுதிகள். பேர் வைக்க 3 யோசனைகள் வந்தன. மரப்பேர்கள்தான் வேண்டும் என்று நின்றவர்களில் நானும் ஒருத்தி. கடைசியில் அதுவே முடிவானது.

கொடையாளர் பேரில் மரியாதை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் பழனிசாமிகள் எத்தனை பேர்! ‘பழனிசாமி பிரிவு’ என்று மைக்கில் கூப்பிட்டால், வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளில் இரண்டு பேராவது எழுந்திருப்பார்கள். வாசலில் கல்வெட்டு வைத்து நன்றியைச் சொல்லிவிடலாம்.

நதிப்பேர்கள் எனக்கும் பிடித்தவை. நொய்யலில் சிக்கலே இல்லை. பவானி, அமராவதி, காவிரி மூன்றுமே பெண்கள் பேர், பவானி ஊரும்கூட. “அம்மாவை பவானியில சேத்திருக்குது” என்று சொன்னால் சொந்தக்காரர்கள் ஈரோடு தாண்டிப் போய் நிற்பார்கள்.

என்னைப் பொறுத்தவரை, காதில் எப்படி விழுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒருவருக்கு இதயம் நின்றால் ‘கோடு புளூ’ என்று மைக்கில் இடத்தையும் சேர்த்து அறிவிப்பார்கள். அங்கே ஒரு எழுத்து மாறிக் கேட்டாலும் குழு வேறு மாடிக்கு ஓடும். ஏ, பி, சி, டி என்று வைக்கலாம் என்றவர்களுக்கும் இதுவே பதில்: போனில் பி-யும் டி-யும் ஒன்றுபோலவே கேட்கும்.

மரத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. எங்கள் கொறங்காட்டு மரமான வெள்வேலையும் வேம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டோம். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே ஒலியில் தொடங்குகின்றன. அதனால் பட்டியலை ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் நின்று போனில் படித்தோம். மறுமுனையில் வயசான ஒருவர் கேட்டு எழுதினார். அவர் தடுமாறிய பேரை எடுத்துவிட்டோம். வெள்வேல் போனதில் எனக்கு வருத்தம்தான். வேம்பு, பனை, கொன்றை, இலுப்பை நின்றன. முதல் ஒலி நான்கிலும் வேறு. கதவுப் பக்கத்தில் இலையை வரைந்துவிட்டால், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் பனையோலையைப் பார்த்து வந்துவிடுவார்கள்.

எண்ணை விடவில்லை. ‘வேம்பு 204’ என்றால் வேம்புப் பகுதி, இரண்டாம் மாடி, நான்காம் அறை. “ஏனுங்க, எங்கீங்க வரோணும்?” என்று கேட்பவருக்கு இந்த ஒரு சொல்லும் ஓர் எண்ணும் போதும். எக்ஸ்ரே, லேப், மருந்தகம் மூன்றுக்கும் மரப்பேர் வேண்டாம். அங்கே என்ன நடக்கிறதோ அதுவே பேர். பிரசவ வார்டு மாதிரி நாளைக்கு இடம் மாறக்கூடியதை மரப்பேரோடு ஒட்டாதீர்கள். பலகையில் ‘பனை’ நிலையாக இருக்கட்டும், ‘பிரசவம்’ அதற்குக் கீழே கழற்றி மாட்டும் தகட்டில் இருக்கட்டும்.

4 பகுதிக்கு இது பொருந்துகிறது. 15, 20 பகுதிகள் உள்ள பெரிய கட்டடத்துக்கும் தாங்குமா என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. அங்கே முதல் ஒலி வேறாக அத்தனை மரங்களைத் தேடுவதே பெரிய வேலை.