மூன்று வருடம் ஓட்டிய வரவு செலவு ஷீட்: நல்லதுதான், ஆனால் கேட்காதீர்கள்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "டேய், செலவையெல்லாம் வகை வகையாப் பிரிச்சுக் காட்டுமே ஒரு ஷீட், இன்னும் வெச்சிருக்கியா? ஒரு காப்பி அனுப்பேன்." அனுப்பலாம் என்று திறந்தேன். திறந்த நேரம் சரியில்லை. இரண்டு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, அவனுக்கு அனுப்பாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஷீட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நோட்டில் வரிவரியாகக் கிறுக்கும் செலவை விரிதாளில் மூன்று பத்தியாகப் போடுவேன். A-யில் என்ன செலவு, B-யில் எந்த வகை, C-யில் எவ்வளவு. பக்கத்தில் E-யில் வகைகளின் பட்டியல், F-ல் ஒவ்வொரு வகைக்கும் கூட்டுத்தொகை. F-ல் இருப்பது ஒரே ஒரு சூத்திரம்தான், கீழே இழுத்துவிட்டது:

```
=SUMIF(B:B,E2,C:C)
```

இந்தச் சூத்திரத்தின் மேல்தான் எனக்குக் கோபம், மூன்று வருடமாக. அது தப்பாகக் கணக்குப் போடுவதில்லை. ஒரு வரியை விட்டுவிட்டால் விட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லாது. அதுதான் பிரச்சினை.

ஒரு மாதத்தை அப்படியே காட்டுகிறேன், எண்களை மட்டும் சுலபமாக்கி. நோட்டில் இருந்தது ஒன்பது வரி: வாடகை 9000, மளிகை 3400, மின்சாரம் 1150, மருந்து 620, பஸ் 480, பள்ளி 2500, மறுபடி மளிகை 1300, டாக்டர் 400, கடைசியில் வெறுமனே 'கடை 950'. கையால் கூட்டினால் 19800. இதை ஆறு வகையாக்கினேன். வாடகையும் மின்சாரமும் 'வீடு', மருந்தும் டாக்டரும் 'மருத்துவம்', பஸ் 'போக்குவரத்து', பள்ளி 'கல்வி', மளிகை மளிகையே, அந்தக் 'கடை' மட்டும் 'மற்றவை'.

சுருக்கத்தைப் பார்த்தால் அழகாக வந்திருந்தது. வீடு 10150, மளிகை 4700, கல்வி 2500, மற்றவை 950, போக்குவரத்து 480, மருத்துவம் 400. மொத்தம் 19180. எந்தக் கட்டத்திலும் சிவப்பு இல்லை, பிழைச் செய்தி இல்லை. நோட்டுக் கூட்டலை ஒட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால், இந்த மாதம் மருத்துவத்துக்குக் கம்மியாகத்தான் போயிருக்கிறது என்று சந்தோஷமாக மூடி வைத்திருப்பேன். அதற்கு முந்தைய சில மாதங்கள் அப்படித்தான் மூடி வைத்திருக்கிறேன் என்பது பிறகு தெரிந்தது.

குறைவது 620. நோட்டில் 620 என்று ஒரே ஒரு வரிதான், மருந்து. வித்தியாசம் ஏதாவது ஒரு வரியின் தொகைக்குச் சரியாகப் பொருந்தினால் முதலில் அந்த வரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். போய்ப் பார்த்தேன். B பத்தியில் 'மருத்துவம்' என்று இருக்கிறது. E பத்தியிலும் 'மருத்துவம்' என்று இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை. அழித்துவிட்டுத் திரும்பப் போன் விசைப்பலகையிலேயே அடித்தேன், அதே 400.

கடைசியில், மருந்து வரியின் வகைக் கட்டத்தில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ண, ஓரத்தில் ஒரு காலிக் கட்டத்தில் =LEN(B5) போட்டேன். 11 என்று வந்தது. இங்கே இன்னொரு தலைவலி. நம் கண்ணுக்கு ம-ரு-த்-து-வ-ம் என்று ஆறு எழுத்து. 11 எங்கிருந்து வந்தது? கணினி, உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணுவதில்லை. ரு என்றால் அதற்கு ர ஒன்று, உகரக்குறி ஒன்று. த் என்றால் த ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணிப் பார்த்தால் 10 வருகிறது. டாக்டர் வரியில் LEN போட்டுப் பார்த்தேன், அங்கே 10 தான். அப்போ இந்த வரியில் கூடுதலாக இருக்கும் ஒன்று? கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் இடைவெளி. போன் விசைப்பலகையில் பரிந்துரைச் சொல்லைத் தொட்டால் அதுவே சொல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி போடுமே, அதுதான். SUMIF-க்கு 'மருத்துவம்' வேறு, பின்னால் இடைவெளி உள்ள 'மருத்துவம் ' வேறு. டாக்டர் வரியைக் கணினியில் அடித்திருந்தேன், அதனால் அது தப்பித்தது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. TRIM போட்டால் இந்த இடைவெளி போய்விடும். ஆனால் வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரிகளில் சில சமயம் வேறு வகை இடைவெளி வரும், வரி உடையாமல் இருக்கப் போடுவது. அதற்கு TRIM அசையாது. அதை முதலில் சாதாரண இடைவெளியாக மாற்ற வேண்டும்:

```
=TRIM(SUBSTITUTE(B5,CHAR(160)," "))
```

தொகைப் பத்தியிலும் இதே ஊமைக்குணம் உண்டு. எண்ணோடு எழுத்தோ அந்த வேறு வகை இடைவெளியோ ஒட்டிக்கொண்டால் அந்தக் கட்டம் எண்ணாக இல்லாமல் உரையாகிவிடும், கூட்டலில் சேராது. இதைக் கண்டுபிடிப்பது மட்டும் சுலபம்: நீங்களாக எதையும் நகர்த்தி வைக்காதவரை, எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், உரை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். பத்தியை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தால் வரிசையிலிருந்து விலகி நிற்பவன் தெரிந்துவிடுவான். நான் ஆரம்பத்தில் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்குப் பிறகு இரண்டு காரியம் செய்தேன். வகைப் பத்தியில் கையால் அடிப்பதை நிறுத்திவிட்டு, E பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி கீழிறங்கு பட்டியல் வைத்தேன். இரண்டாவது, சுருக்கத்துக்குக் கீழே ஒரு சரிபார்ப்புக் கட்டம்:

```
=SUM(C:C)-SUM(F2:F7)
```

சுழியம் வந்தால்தான் அந்த மாதத்தைப் பார்ப்பேன். இந்த மூன்று வருடத்தில் இந்த ஷீட்டில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் வகையும் இல்லை, வட்ட வரைபடமும் இல்லை, இந்தக் கட்டம்தான். அதில் 0 வந்து நிற்பதைப் பார்க்கும் திருப்தி இருக்கிறதே, சம்பள நாளில்கூட அவ்வளவு வருவதில்லை.

கீழிறங்கு பட்டியல் ஒரு புது வியாதியையும் கொண்டுவந்தது. எதில் சேர்ப்பது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தால் கை தானாக 'மற்றவை'க்குப் போகிறது. சரிபார்ப்பு சுழியம் என்று சொல்லும், ஏனென்றால் கணக்கு சரிதான். செலவு எங்கே போனது என்பது மட்டும் தெரியாது. இதற்கு நானாக வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: பெயருள்ள வகைகளில் மிகச் சிறியதைவிட 'மற்றவை' பெரிதாகிவிட்டால் அதைத் திறந்து பிரிக்க வேண்டும். அந்த மாதம் போக்குவரத்து 480, மற்றவை 950. திறந்தேன். நல்லவேளை, பில் பர்ஸிலேயே இருந்தது. 950-ல் 430 மளிகைச் சாமான், 320 மருந்து, மிச்சம் 200 ஒரு பிறந்தநாள் பரிசு. 'கடை' என்பது போன இடம், செலவின் வகை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு வரியை மூன்று வரியாக்கினேன். மளிகை 5130, மருத்துவம் 1340, மற்றவை 200. மொத்தம் அதே 19800.

இப்போது மருத்துவத்தை மட்டும் பாருங்கள். முதலில் 400 என்று காட்டியது, இடைவெளியை எடுத்ததும் 1020, பில்லைப் பிரித்ததும் 1340. மூன்று தடவையும் சுருக்கம் ஒரே மாதிரி சுத்தமாகத்தான் இருந்தது. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நோட்டே போதுமே" என்றாள். பதில் சொல்லவில்லை.

கூட்டுத்தொகையைத் தனியாகப் பக்கத்தில் வைக்காமல் வரிகளுக்கு நடுவிலேயே போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே SUM போட்டால், கீழே பத்தி முழுவதையும் கூட்டும்போது வரிகளும் சேரும், வகைக் கூட்டல்களும் சேரும். 19800-க்குப் பதில் 39600 வந்து நெஞ்சைப் பிடிக்கும். சரியாக இரண்டு மடங்கு என்றால் இதுதான் காரணம். வகைக் கூட்டலுக்கும் மொத்தத்துக்கும் =SUBTOTAL(9,...) போட்டால், அது தன் வீச்சுக்குள் இருக்கும் மற்ற SUBTOTAL-களை விட்டுவிட்டுக் கூட்டும். அதோடு வகைப்படி வரிசைப்படுத்திய பிறகுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மளிகைக்கு இரண்டு இடத்தில் இரண்டு கூட்டல் நிற்கும்.

சரி, நன்றாக இருக்கிறதா இல்லையா? நன்றாகத்தான் இருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய ஆறு வரியைப் பார்த்தால் பாதிக்கு மேல் வீட்டுக்கே போகிறது, மீதியில் எங்கே கை வைக்க முடியும் என்று ஒரு நிமிடத்தில் தெரிகிறது. நோட்டில் ஒன்பது வரியை எத்தனை தடவை படித்தாலும் அது தெரியாது. மாதம் அறுபது வரி எழுதும்போது சொல்லவே வேண்டாம். இதை விட்டுவிட்டுப் பழையபடி இருக்க என்னால் முடியாது.

ஆனாலும் நண்பனுக்கு அனுப்ப மாட்டேன். ஐந்துக்கு இரண்டு மார்க்தான் இந்த ஷீட்டுக்கு. கோபத்தில் சொல்கிறேன் என்றால் ஆமாம், கோபத்தில்தான். என் வகைகள் என் வீட்டுக்கு வெட்டியவை, அவன் வீட்டுச் செலவை அதில் திணித்தால் பாதி 'மற்றவை'யில் போய் விழும், சரிபார்ப்பும் சுழியம் காட்டும். சரிபார்ப்புக் கட்டத்தின் சூத்திரத்தை மட்டும் அனுப்பிவிட்டு, வகைகளை நீயே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த இரண்டு மணி நேரம் எதற்கு என்றால், இந்த மாதம் சரிபார்ப்பில் சுழியம், ஆனால் நோட்டுக் கூட்டலைவிட ஷீட் 45 குறைவு. 45 தொகையில் எந்த வரியும் இல்லை. ஒன்பதால் வகுபடுகிறது, அதனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை எங்காவது மாற்றி அடித்திருக்கலாம் என்று தேடினேன். பஸ் 72, ஷீட்டில் 27.