பினாங்கு வானத்தைச் சுற்றிப் பிடிக்க எது தோது? எஃகு உருண்டை, கிட் லென்ஸ், ஃபிஷ்ஐ, 360 கேமரா

ஜார்ஜ் டவுன் கடைவீடு ஒன்றை முப்பரிமாணத்தில் கட்டிவிட்டு, அதற்கு ஒளியூட்ட, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஓர் ஐரோப்பிய வானத்தின் 360 பாகைப் படத்தை மாட்டினால், பார்த்த உடனே ஏதோ இடிக்கும். பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மதியம் 1.20 வாக்கில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்த நிழலை லண்டன் வானம் எப்படித் தரும்? ஆகவே நம்ம வானத்தை நாமே எடுத்துத்தான் ஆக வேண்டும். பாடாங் கோத்தா லாமா திடல் மாதிரி நாலு பக்கமும் திறந்த இடமாக இருந்தால் நல்லது. எதை வைத்து எடுப்பது என்பதில்தான் சண்டை.

கண்ணாடிபோல் மின்னும் எஃகு உருண்டையை ஒரு கம்பியில் நிறுத்தி அதைப் படமெடுப்பது பழைய வழி. 1998-இல் பால் டெபெவெக் தன் ஆய்வுக் கட்டுரையில் காட்டியது இதைத்தான். வானம் முழுவதும் ஒரே நொடியில் பதிவாவதால் மேகம் நகரும் தொல்லை இல்லை. ஆனால் உருண்டையின் விளிம்பில் பாதி உலகம் நசுங்கிக் கிடக்கும், நடுவில் நாம் கேமராவோடு நிற்போம். 90 பாகை தள்ளி நின்று இன்னொரு படம் எடுத்தால் நம்மை அழித்துவிடலாம். களிமண் நிறச் சுவருக்கு வெளிச்சம் தர இது போதும். கார் பானெட்டில் வானம் தெரிய வேண்டும் என்றால் போதாது.

கையில் இருக்கும் 18 மி.மீ. கிட் லென்ஸ் இதற்கு நேர் எதிர். ஏபிஎஸ்-சி கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் ஒரு படத்தில் சுமார் 47 பாகை அகலமும் 66 பாகை உயரமும் விழும். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்க, கீழ்வரிசைக்கு 12, மேல்வரிசைக்கு 6, உச்சிக்கு 1 என்று 19 திசைகள் வேண்டும். வெயிலும் நிழலும் சேர்ந்து பதிவாக, ஒவ்வொரு திசையிலும் மூன்று ஸ்டாப் இடைவெளியில் நாலு எக்ஸ்போஷர் என்றால் 76 படம். தெளிவு அபாரமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சூரியன் தன் அகலத்துக்குச் சமமான தூரத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். பிற்பகல் மேகமோ அதைவிட வேகம். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் மேகம் வந்து மறைத்தால், திடலின் ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் கிடக்கும். தையல் ஓடும் இடத்தில் மேகத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்பதைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெறும் நீலவானம் மட்டும் உள்ள படங்களில் பிடிமானப் புள்ளி எதுவும் கிடைக்காமல், படங்களை ஒட்டும் ஹுகின் மென்பொருள் திணறும். இதற்குத் தீர்வு இருக்கிறது: கட்டடங்கள் சூழ்ந்த இடத்தில், அதே ட்ரைபாட் தலையில், அதே கோணங்களில் ஒரு தொகுதி எடுத்துச் சரியாக ஒட்டி, அந்தத் திட்டத்தை டெம்ப்ளேட்டாக வானப் படங்களுக்குப் போட வேண்டும்.

என் ஓட்டு ஃபிஷ்ஐ லென்ஸுக்கு. 8 மி.மீ. வட்ட ஃபிஷ்ஐ என்றால் நாலு திசை, திசைக்கு நாலு எக்ஸ்போஷர், மொத்தம் 16 படம். எஃப்/8-ஐ மாற்றாமல் ஷட்டரை மட்டும் 1/8000, 1/1000, 1/125, 1/15 என்று மாற்றினால், கை பழகியவருக்கு ஒரு நிமிடம் போதும். சூரியன் இருக்கும் திசையை முதலில் எடுத்துவிடுங்கள். ஒட்டும்போது சூரியனையும் அதைச் சுற்றியுள்ள மேகத்தையும் அந்த ஒரே படத்திலிருந்து வருமாறு மாஸ்க் போட்டுவிட்டால், முக்கியமான இடத்தில் தையலே விழாது. மாலை 4.30 வாக்கில் எடுப்பது உத்தமம். சூரியன் உச்சியில் இருந்தால், விரித்த படத்தின் மேல்விளிம்பில் அது நீளமாக இழுபட்டுக் கிடக்கும். அதைத் திருத்துவது பெரும்பாடு.

சரி, இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருவோம். மேலே சொன்ன எந்த வழியிலும் சூரியன் கேமராவின் அளவை மீறி வெடித்துத்தான் பதிவாகும். எஃப்/16, 1/8000, ஐஎஸ்ஓ 100 என்று அடிமட்டத்துக்கு இறக்கினாலும் சூரிய வட்டம் இன்னும் ஒன்பது ஸ்டாப் மேலே நிற்கும். பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால்தான் அடங்கும். கிட் லென்ஸில் அதை முன்னால் திருகிவிடலாம். (ஃபில்டர் இருந்தாலும் ஆப்டிகல் வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்காதீர்கள்.) ஃபிஷ்ஐயின் முட்டைக்கண் கண்ணாடியில் திருக வழியில்லை.

ஒட்டி முடித்த வானப் படம்தான் நம் ஒளி வரைபடம். அதில் சூரியன் வெடித்திருந்தால், கடைவீட்டு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை காட்டிக்கொடுத்துவிடும். தூணுக்குப் பின்னால் கறுப்பாக விழ வேண்டிய நிழல் புகைபோல் மங்கும், உள்ளே இருக்கும் கதவு வெளியே உள்ள சுவர் அளவுக்கே வெளுக்கும். ஃபில்டர் இல்லாமல் இதைச் சரிசெய்ய ஒரு சாம்பல் அட்டை போதும். படமெடுக்கும் அதே நேரத்தில் அட்டையைத் தரையில் படுக்க வைத்து, வெயிலில் ஒரு படம் எடுங்கள். அப்புறம் தள்ளி நின்று, ஒரு சின்ன அட்டையால் சூரியனை மட்டும் மறைத்து இன்னொரு படம். குடை பிடித்தால் வானத்தையும் சேர்த்து மறைத்துவிடும், கணக்குக் கெடும். ரா கோப்பை நேரியல் மதிப்பாகத் திறந்து படித்ததில் வெயிலில் 0.48, நிழலில் 0.08 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 6. பிளெண்டரில் அதே சாம்பல் தரையை நம் வரைபடத்தால் ஒளியூட்டி, மேலே ஒரு சின்னத் தகடு வைத்து நிழலை அளந்தால் அதே விகிதம் 1.25 வருகிறது என்போம். வானத்தின் பங்கு இரண்டிலும் 1. சூரியனின் பங்கு 5 இருக்க வேண்டிய இடத்தில் 0.25 மட்டுமே இருக்கிறது.

```
k = (6 - 1) / (1.25 - 1) = 20
```

வெடித்த வட்டத்தின் மொத்த ஒளியை 20 மடங்கு ஆக்க வேண்டும். ஆனால் அப்படியே பெருக்கினால் நிழலின் ஓரம் கரைந்து போகும். வெடித்த வட்டம் சுமார் 4 பாகை அகலம், நிஜச் சூரியனோ அரைப் பாகை. வட்டத்தை அரைப் பாகைக்குச் சுருக்கினால் பரப்பு 64-இல் ஒன்றாகும். ஆகவே பிக்சலின் மதிப்பை 20 × 64, அதாவது 1,280 மடங்கு ஏற்ற வேண்டும். சுற்றி மிஞ்சும் வளையத்தைப் பக்கத்து வானத்தின் நிறத்தால் நிரப்பிவிடலாம். நீலவானம் 1 என்றால் வெடித்த இடம் சுமார் 120 இருக்கும், பெருக்கினால் 1,53,600. இங்கே ஒரு பொறி: 16 பிட் `.exr` கோப்பு 65,504-க்கு மேல் தாங்காது. 32 பிட்டில் சேமியுங்கள், இல்லாவிட்டால் முழு வரைபடத்தையும் இரண்டு ஸ்டாப் இறக்கிவிடுங்கள்.

இந்தப் பெருக்கல் வேலையே வேண்டாம் என்பவர்கள், வரைபடத்தில் சூரியனை அழித்துவிட்டு பிளெண்டரின் சன் விளக்கை அதே திசையில் வைத்து, விகிதம் 6 வரும்வரை ஏற்றலாம். ரெண்டரில் இரைச்சலும் குறையும். கடைவீட்டுக்கு நான் இதைத்தான் செய்வேன். அடுத்தவர் சொன்ன 6-ஐ மட்டும் எடுத்துப் போடாதீர்கள். புகைமூட்ட நாளில் சூரியனின் பங்கு இறங்கி வானத்தின் பங்கு ஏறும், விகிதமே மாறிவிடும்.

360 கேமராவை ஏன் கடைசியில் தள்ளினேன் என்றால், வெயில் நாளில் அதுவும் சூரியனை வெடிக்க வைக்கிறது. அதன் இரட்டைக் கண்ணில் ஃபில்டர் மாட்டுவதும் லேசான காரியம் இல்லை. ஆனால் மழை மாதத்தில், வானம் முழுக்கச் சாம்பல் போர்த்தி நிழலே விழாத பிற்பகலில், வெடிக்கச் சூரியனே இல்லை. அப்போது ட்ரைபாட் தலை, டெம்ப்ளேட், அட்டை எதுவும் வேண்டாம். 360-ஐ ஒரு கம்பில் நிறுத்தி, மூன்று எக்ஸ்போஷர் எடுத்துக்கொண்டு, அடுத்த தூறலுக்கு முன் கிளம்பிவிடலாம்.