வினை கடைசியில்: தமிழும் ஜெர்மனும்

'நான் இன்று பெர்லினுக்குப் போக வேண்டும் என்பதால்' என்ற தொடரை ஜெர்மனில் சொன்னால்: 'வைல் இஷ் ஹொய்ட்ட நாஹ் பெர்லீன் ஃபாரன் முஸ்.' ஃபாரன் என்றால் போக, முஸ் என்றால் வேண்டும். கடைசி இரண்டு சொற்களும் நம் வரிசையிலேயே நிற்கின்றன. நமக்கு இறுதியில் வரும் 'என்பதால்' மட்டும் அங்கே 'வைல்' ஆகி முதலில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சிக்கல் தனி வாக்கியத்தில்தான். காரணம் சொல்லாமல் 'நான் இன்று பெர்லினுக்குப் போக வேண்டும்' என்று மட்டும் சொன்னாலும் தமிழில் வரிசை மாறாது. ஜெர்மனிலோ 'முஸ்' வாலிலிருந்து கழன்று இரண்டாம் இடத்துக்குத் தாவும்: 'இஷ் முஸ் ஹொய்ட்ட நாஹ் பெர்லீன் ஃபாரன்.' 'ஃபாரன்' நகராது.

'இன்று' என்று தொடங்கும்போதுதான் நம்மவர்கள் தடுக்கி விழுவார்கள். 'ஹொய்ட்ட இஷ் முஸ்...' தவறு, 'ஹொய்ட்ட முஸ் இஷ்...' என்பதே சரி. இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் அல்ல, இரண்டாவது உறுப்பு. 'நாளை காலை' என்று இரு சொற்களில் தொடங்கினாலும் அது ஓர் உறுப்புதான், அடுத்தது 'முஸ்'.

நான் முதலில் 'வைல்' தொடரைத் தமிழ் வரிசையில் கட்டுவேன். பிறகு 'வைல்' சொல்லை நீக்கி, கடைசி வினையை மட்டும் இரண்டாம் இடத்துக்கு இழுப்பேன்.