தென்னந்தோப்பா, புதர்க்காடா? குழிப்பொறிக் கணக்கு

தரைப்பூச்சிகளின் பன்மை எங்கே அதிகம், அதில் எறும்பை எப்படிக் கணக்கிடுவது? பூச்சிகள் தவறி விழும்படி தரையில் தோண்டி வைத்த குழிப்பொறிகள்: இரண்டு இடத்திலும் ஒரே எண்ணிக்கைக் குழிகள், ஒரே நாட்கள். தலா 4 இனங்கள், 40 பூச்சிகள் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். இனப் பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு, கூடினால் பன்மை அதிகம்:

H = −Σ p ln p (p என்பது ஓர் இனத்தின் பங்கு)

தோப்பு: எறும்பு 34, தரைவண்டு 2, சிள்வண்டு 2, காதுப்பூச்சி 2.
0.138 + 3 × 0.150 = 0.59

புதர்: தரைவண்டு 16, சிள்வண்டு 12, எறும்பு 8, காதுப்பூச்சி 4.
0.367 + 0.361 + 0.322 + 0.230 = 1.28

புதர்தான் முன்னே. ஆனால் அந்த 34 எறும்பும் ஒரே குழியிலா என்று பாருங்கள். புற்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டினால் அப்படித்தான் ஆகும். சரி, எறும்பை நீக்கினால்? தோப்பு 1.10, புதர் 0.97. முடிவே தலைகீழ்! ஆனால் தோப்பில் மிஞ்சியது 6 பூச்சிதான், அதை நம்ப முடியாது.

எறும்பு அல்லாத பூச்சிகளை மட்டும் ஒப்பிட எறும்பை விடலாம், ஆனால் குழிகளைக் கூட்டுங்கள். தரைப்பூச்சிகள் முழுவதையும் ஒப்பிட, எறும்புகளை எண்ணாமல் எறும்பு விழுந்த குழிகளை எண்ணுவதே என் தேர்வு.