அப்பச்சிக்கு எந்த பாலிசி: இருபது சதவீதமா, முழுசா?

பிள்ளைகள் சிங்கப்பூரில், அப்பச்சி காரைக்குடியில். வயது 64, பத்து வருடச் சர்க்கரை. கையில் இரண்டு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கொட்டேஷன், இரண்டும் 5 லட்சத்துக்கு என்று வைத்துக்கொள்வோம்.

பிரீமியம்: முதலாவது 28,000. இரண்டாவது 41,000.
கோ-பேமெண்ட், அதாவது பில்லில் நாம் கட்டும் பங்கு: முதலாவதில் 20 சதவீதம். இரண்டாவதில் இல்லை.
காத்திருப்பு, அதாவது ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராத காலம்: சர்க்கரைக்கு முதலாவதில் 3 வருடம், இரண்டாவதில் 1 வருடம்.

மதுரை ஆஸ்பத்திரியில் 3 லட்சம் பில் வந்தால், முதலாவதில் கைக்காசு 60,000. பிரீமியத்தோடு அந்த வருடச் செலவு 88,000; இரண்டாவதில் 41,000தான். கையுறை மாதிரிச் சில்லறைகளைப் பெரும்பாலும் இரண்டுமே தராது. படுக்காத வருடத்தில் முதலாவது 13,000 மிச்சம். ஆக, நான்கு வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு பில் வந்தாலே இரண்டாவதுதான் மலிவு.

காத்திருப்பைத்தான் பலர் பார்ப்பதில்லை. இரண்டாம் வருடத்தில் சர்க்கரைப் புண்ணுக்குக் காலில் ஆபரேஷன் என்றால், முதலாவது ஒரு பைசா தராது, மூன்று லட்சமும் கையிலிருந்துதான். சர்க்கரையை மறைத்து வாங்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால் வேண்டாம்; டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எத்தனை வருடச் சர்க்கரை என்று டாக்டர் எழுதிவிடுவார். கண்புரை, மூட்டு மாற்றுக்குத் தனிக் காத்திருப்பு உண்டு, அதையும் கேளுங்கள்.

சர்க்கரை, பிரஷர் இருந்தால் இரண்டாவது. நோய் எதுவும் இல்லை, அவசரத்துக்கு லட்ச ரூபாய் பேங்கில் கிடக்கிறது என்றால் முதலாவதே போதும்.